ஏறும் காற்றும் இறங்கும் இடியும்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. பேசியபடியே, சில இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)



நான் வானிலைத் துறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெரிய அதிகாரி இல்லை. பலூன் விடுகிற பிரிவில் இருந்தேன். பலூன் என்றால் சிரிக்கிறீங்க. திருவிழா பலூன் இல்லைங்க. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், ஹைட்ரஜன் வாயு நிரப்பி, அடியில் ஒரு சின்னக் கருவியைக் கட்டி விடுவோம். அது முப்பது கிலோமீட்டர் உயரம் வரைக்கும் போகும். போகிற வழியெல்லாம் அந்த உயரத்தில் எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஈரம், காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்று கீழே சொல்லிக்கொண்டே போகும். தினமும் இரண்டு தடவை. உலகம் பூராவும் ஒரே நேரத்துக்கு என்று கணக்கு வைத்திருப்பதால் நமக்கு அது காலை ஐந்தரை, மாலை ஐந்தரை.

போன மாதம் கூட்டத்துக்கு வந்தபோது இரண்டு கேள்வி கேட்டீங்க. காலையில் பொட்டு மேகம் இல்லாமல் வெயில் கொளுத்துகிறது, நாலு மணிக்கு எங்கிருந்து வருகிறது இந்த இடியும் மழையும் என்று ஒரு அக்கா கேட்டாங்க. அமெரிக்காவில் சுழற்காற்று வந்து வீட்டையே தூக்கிக்கொண்டு போகிறதே, அது நம்ம ஊருக்கு ஏன் வருவதில்லை என்று ஒரு தங்கச்சி கேட்டாள். இரண்டும் வேறு வேறு கேள்வி மாதிரி தெரியும். ஒரே கேள்விதான். முதல் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் இரண்டாவது அதன் மேலேயே ஏறி வந்துவிடும்.

முதலில் காற்று ஏன் ஏறுகிறது என்று பார்ப்போம். சூடான காற்று லேசானது, அதனால் ஏறும். அடுப்பு மேல் புகை போவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஏறுகிற காற்று ஏறும்போதே குளிர்ந்துகொண்டும் போகும். மேலே போகப் போகச் சுற்றியிருக்கிற அழுத்தம் குறையும், காற்று விரியும், விரிந்தால் குளிரும். சைக்கிள் டியூபில் காற்றைப் பிடுங்கிவிடும்போது விரலை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்கும். அதே சங்கதிதான். ஈரம் துளியாகாத காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் பத்து டிகிரி குளிரும். இது எந்த ஊர்க் காற்றானாலும் மாறாத கணக்கு.

அப்படியென்றால் ஏறுகிற காற்று எவ்வளவு தூரம் ஏறும்? தன்னைச் சுற்றி இருக்கிற காற்றைவிடத் தான் சூடாக இருக்கிற வரைக்கும் ஏறும். குளிர்ந்துபோனால் கனத்து நின்றுவிடும், சில சமயம் திரும்பி இறங்கிவிடும். எனவே இரண்டு வெப்பநிலையை ஒப்பிட வேண்டும். ஒன்று ஏறுகிற காற்றுடையது. இன்னொன்று அந்த உயரத்தில் ஏற்கெனவே நிற்கிற காற்றுடையது. இரண்டாவதைத்தான் எங்கள் பலூன் அளந்து தரும்.

ஒரு சித்திரை மாதத்து நாளை எடுத்துக்கொள்வோம். கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று முழு எண்ணாகவே சொல்கிறேன். மதியம் தரையில் 36 டிகிரி. காற்றில் நல்ல ஈரம், உடம்பெல்லாம் கசகசவென்று இருக்கிறது. அந்தக் காற்று ஒன்றரை கிலோமீட்டர் ஏறினால் 15 டிகிரி குளிர்ந்து 21க்கு வந்துவிடும். அந்தக் குளிர்ச்சியில் அதற்குள் இருந்த ஈரம் இனி ஆவியாக இருக்க முடியாது. துளியாகிறது. அதுதான் மேகத்தின் அடிப்பக்கம். எல்லா மேகத்துக்கும் அடி தட்டையாக, அரிவாளால் சீவின மாதிரி இருப்பதைக் கவனித்திருக்கிறீங்களா? அந்த உயரத்தில்தான் ஈரம் துளியாகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

இங்கேதான் முக்கியமான விஷயம் நடக்கிறது. இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது ஆவி பட்டுக் கை வெந்தவர்கள் எத்தனை பேர்? பாதிப் பேர் கை தூக்குறீங்க. கொதிக்கிற தண்ணீர் சுடுவதைவிட ஆவி ஏன் மோசமாகச் சுடுகிறது? தண்ணீரை ஆவியாக்க அடுப்பு கொடுத்த சூடு முழுக்க அந்த ஆவிக்குள் ஒளிந்து கிடக்கிறது. உங்கள் தோலில் பட்டு அது மறுபடி தண்ணீராகும்போது அந்தச் சூட்டை அப்படியே உங்கள் கையில் இறக்கிவிடுகிறது. மேகத்துக்குள்ளும் இதேதான். கடல்மேலும் ஏரிமேலும் வெயில் செலவழித்த சூடு, ஆவி துளியாகும்போது காற்றுக்குத் திரும்பி வருகிறது. அதனால் மேகத்துக்குள் ஏறுகிற காற்று முன்னைப் போல வேகமாகக் குளிராது. கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி குளிர்ந்தது இப்போது ஏறத்தாழ ஐந்து டிகிரிதான் குளிரும்.

கணக்கைத் தொடர்வோம். ஒன்றரை கிலோமீட்டரில் 21. அங்கிருந்து இன்னும் நாலு கிலோமீட்டர் ஏறினால், நாலைந்து இருபது போக மிச்சம் 1 டிகிரி. அந்த உயரத்தில் வெளியே நிற்கிற காற்று எவ்வளவு என்று பலூன் சொல்கிறது? மைனஸ் 5. ஆக மேகத்துக்குள் இருக்கிற காற்று வெளிக்காற்றைவிட ஆறு டிகிரி சூடு. அது நிற்குமா? இன்னும் ஏறும், ஏற ஏற வேகம் கூடும். ஈரமே இல்லாத காற்றாக இருந்திருந்தால் அதே உயரத்தில் மைனஸ் 19 ஆகியிருக்கும்; அவ்வளவு தூரம் ஏறவே ஏறியிருக்காது. வறண்ட வெயில் எவ்வளவு அடித்தாலும் இடிமழை வராமல், கசகசப்பு சேர்ந்த அன்றைக்கு வருவதற்கு இதுதான் காரணம்.

தள்ளிவிட்டால் போதும், தானே மேலே மேலே ஓடும்படி இருக்கிற காற்றை நாங்கள் நிலையற்ற காற்று என்போம். நம் பக்கத்தில் அது பதினைந்து, பதினாறு கிலோமீட்டர் உயரம் வரைக்கும்கூடப் போகும். அங்கே ஒரு கூரை மாதிரி இருக்கிறது. அதற்கு மேலே காற்று குளிர்வதற்குப் பதிலாகச் சூடாகிறது. அங்கே முட்டி மேகம் பக்கவாட்டில் பரவும். கொல்லர் பட்டறையில் இரும்படிக்கிற பட்டடைக்கல் மாதிரி மேலே அகன்று தெரியும். தூரத்தில் அப்படி ஒரு மேகம் தெரிந்தால் அது முழுசாக வளர்ந்த இடிமேகம் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அவ்வளவு உயரத்தில் பாதி மேகம் பனிக்கட்டியாக இருக்கும். சின்னப் பனித்துகளும் கொஞ்சம் கனமான பனிமணியும் ஒன்றோடொன்று உரசுகின்றன. உரசும்போது மின்னேற்றம் பிரிகிறது. லேசான துகள் நேர் மின்னேற்றத்தோடு உச்சிக்குப் போகும், கனமானது எதிர் மின்னேற்றத்தோடு நடுவில் தங்கும். பிரிந்தது சேர்ந்தே ஆக வேண்டும் என்று பாய்வதுதான் மின்னல். அந்தப் பாதையில் இருக்கிற காற்று ஒரு நொடிகூட ஆகாமல் 30,000 டிகிரிக்குச் சூடாகி வெடித்து விரிகிறது. அந்தச் சத்தம்தான் இடி. மேகமும் மேகமும் மோதுகிறது என்று பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லியிருந்தால் அதை இன்றைக்கே மறந்துவிடுங்கள்.

சரி, காற்று நிலையற்று இருக்கிறது. அப்படியென்றால் வைகாசி முழுக்கத் தினமும் இடிமழை வர வேண்டாமா? வருவதில்லையே. காரணம் ஒரு மூடி. நம் கணக்கில் ஒன்றரை கிலோமீட்டரில் ஏறுகிற காற்று 21 டிகிரி என்றேன். அதே உயரத்தில் வெளியே நிற்கிற காற்று 23 டிகிரி என்று பலூன் சொல்கிறது என்று வையுங்கள். அங்கே நம் காற்று இரண்டு டிகிரி குளிர்ச்சி, கனம். ஏறாது. அதற்கு மேலே எவ்வளவு ஏறுமுகம் இருந்தாலும் இந்த இடத்தைத் தாண்டினால்தானே? தாண்ட வேண்டுமென்றால் தரை இன்னும் இரண்டு டிகிரி சூடாக வேண்டும், இல்லாவிட்டால் ஏதாவது ஒன்று கீழிருந்து பலமாகத் தள்ள வேண்டும். நம் கரையோர மாவட்டங்களில் தள்ளுகிற வேலையைக் கடற்காற்று செய்யும். மதியத்துக்கு மேல் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே நுழைந்து, உள்ளூர்ச் சூட்டுக் காற்றின் அடியில் ஆப்பு மாதிரி செருகி அதை மேலே தூக்கும். உள்மாவட்டங்களில் மலைச்சரிவு அந்த வேலையைச் செய்யும். ஜவ்வாது மலைப் பக்கம் மதியம் கிளம்புகிற மேகம் வேலூர், திருவண்ணாமலை வழியாக வந்து ராத்திரி சென்னையை நனைப்பது ஆடி, ஆவணியில் வழக்கம். அன்றன்றைக்கு மூடி திறக்குமா திறக்காதா என்பதைச் சொல்வதுதான் எங்கள் வேலையிலேயே கஷ்டமானது. பத்து கிலோமீட்டர் இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் தூசி பறக்கும். வானிலைக்காரர்களைத் திட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளணும்.

மூடி திறந்து மேகம் கிளம்பிவிட்டது. அதற்கு எவ்வளவு ஆயுசு? சாதாரண இடிமேகத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் பதினைந்து இருபது நிமிஷம் மேலே ஏறும் காற்று மட்டும்தான். துளியும் பனியும் கனத்து, ஏறுகிற காற்றால் தாங்க முடியாமல் போகும்போது மழை விழ ஆரம்பிக்கும். விழுகிற மழை தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு வருகிறது. போகிற வழியில் கொஞ்சம் மழை ஆவியாகிக் காற்றைக் குளிரவும் வைக்கிறது. அந்தக் குளிர்காற்று தரையில் மோதி நாலா பக்கமும் பரவும். மழைக்கு முன்னால் திடீரென்று சில்லென்று ஒரு காற்று, புழுதியும் மண்வாசனையுமாக வருமே, கொடியில் கிடக்கிற துணியை நாம் ஓடிப்போய் எடுப்போமே, அதுதான் இது. மேகத்தின் உள்ளேயிருந்து கீழே விழுந்த காற்று அது.

இந்தக் குளிர்காற்றே அந்த மேகத்துக்கு எமன். தரையில் பரவியவுடன் மேகத்தின் அடியில் இருந்த சூடான ஈரக்காற்றை வெட்டிவிடுகிறது. தீனி போச்சு. மேகம் அரைமணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். ஆனால் பரவிப் போன அந்தக் குளிர்காற்று பக்கத்து ஊரில் இருக்கிற சூட்டுக் காற்றைத் தூக்கிவிடும், அங்கே புது மேகம் கிளம்பும். ஒன்று சாகும்போது இன்னொன்றைப் பெற்றுவிட்டுத்தான் சாகும். நம் பக்கத்து இடிமழை ஊர் ஊராக நகர்ந்து போவது பெரும்பாலும் இப்படித்தான்.

இப்போது தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். எல்லா இடிமேகமும் ஒரு மணி நேரத்தில் செத்துப்போவதில்லை. சில மேகம் மூன்று மணி, நாலு மணி நேரம் உயிரோடு இருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். அதற்குக் காரணம் காற்றின் வேக வித்தியாசம். தரையில் காற்று தெற்கிலிருந்து மெதுவாக வீசுகிறது. ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து பலமாக வீசுகிறது. அப்போது ஏறுகிற காற்று நேராக ஏறாமல் சாய்ந்து ஏறும். மழை, அது ஏறுகிற பாதையில் விழாமல் தள்ளிப் போய் விழும். தீனி வெட்டுப்படாது. மேகம் தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்ளாமல் வளர்ந்துகொண்டே இருக்கும்.

அந்த வித்தியாசம் இன்னொரு வேலையும் செய்கிறது. விளக்குக்குத் திரி திரிப்போமே, பஞ்சை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மேல் கையை ஒரு பக்கம் தள்ளினால் பஞ்சு உருள்கிறது. கீழே மெதுவான காற்று, மேலே வேகமான காற்று. நடுவில் இருக்கிற காற்றும் அப்படியே உருளும். படுத்த வாக்கில் உருளும், கண்ணுக்குத் தெரியாது. அந்த உருளைக்கு நடுவே பலமாக ஏறுகிற காற்று வந்து சேர்ந்தால் உருளையை நிமிர்த்திவிடும். படுத்து உருண்டது இப்போது நின்று சுழல்கிறது. மேகத்தின் நடுப்பகுதியே, சில கிலோமீட்டர் அகலத்துக்கு, மெல்லச் சுழல ஆரம்பிக்கும். இப்படிச் சுழலும் மேகத்துக்கு சூப்பர்செல் என்று பெயர்.

இது இன்னும் சுழற்காற்று ஆகவில்லை. மேகம் நடுவானத்தில் சுழல்கிறது, அவ்வளவுதான். மேகத்தின் பின்பக்கம் இறங்குகிற காற்று தரைக்குப் பக்கத்திலும் ஒரு சுழற்சியை உண்டாக்கி, அதை மேலேயிருக்கிற ஏறுகாற்று உறிஞ்சி நீட்டி இழுக்க வேண்டும். சின்ன வயசில் கையை விரித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றியிருப்பீங்க. சுற்றும்போதே கையை மார்போடு சேர்த்துப் பாருங்கள், வேகம் கூடிவிடும். சுழலும் காற்றும் அப்படித்தான். அகலம் குறுகக் குறுக வேகம் எகிறும். கடைசியில் மேகத்தின் அடியிலிருந்து யானைத் துதிக்கை மாதிரி இறங்கித் தரையைத் தொடும். பலமானவற்றில் காற்று மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகும். ஆனால் சுழலும் மேகங்களில் பெரும்பாலானவை துதிக்கை இறக்காமலே போய்விடும். எது இறக்கும், எது இறக்காது என்று முன்கூட்டி அடித்துச் சொல்ல இன்றைக்கும் முடியாது. அதனால் ராடாரில் சுழற்சி தெரிந்தவுடனேயே எச்சரிக்கை கொடுத்துவிடுவார்கள்.

இங்கே இரண்டு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் காட்டில் சித்திரை வெயிலில் சருகையும் புழுதியையும் சுருட்டிக்கொண்டு ஓடுமே, சில ஊரில் பேய்க்காற்று என்பார்கள், அது வேறு. அதன் தலைக்கு மேல் மேகமே இருக்காது. தரை காய்ந்த சூட்டில் கிளம்பி இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிடும். அதே மாதிரி ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு வருகிற புயலும் வேறு. புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், கடலில் பிறந்து நாள்கணக்கில் இருக்கும். நான் சொல்கிற சுழற்காற்று, ஆங்கிலத்தில் டொர்னாடோ என்பது, அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர், அபூர்வமாகச் சில கிலோமீட்டர். ஆயுசு நிமிஷக் கணக்கு. இரண்டையும் சூறாவளி என்று ஒரே பெயரில் பத்திரிகையில் போடுவதால்தான் இத்தனை குழப்பம்.

சுழற்காற்று என்றாலே எல்லோருக்கும் அமெரிக்கா ஞாபகம் வருகிறது. எண்ணிக்கையில் அங்கேதான் அதிகம், வருஷத்துக்குச் சுமார் 1200. ஆனால் உலகத்திலேயே அதிக உயிரைக் குடித்த சுழற்காற்று அமெரிக்காவில் வந்தது இல்லை. 1989 ஏப்ரல் 26ஆம் தேதி வங்கதேசத்தில் வந்தது. டாக்கா நகரத்துக்கு வடமேற்கே மாணிக்கஞ்ச் மாவட்டம். தௌலத்பூர், சாட்டுரியா என்று இரண்டு வட்டாரம். மாலை நேரத்தில் வந்த அந்தக் காற்று ஒன்றரைக் கிலோமீட்டர் அகலத்தில் பதினைந்து பதினாறு கிலோமீட்டர் தூரம் போனது. சுமார் 1300 பேர் செத்துப்போனார்கள். வீடு இழந்தவர்கள் 80,000 பேர்.

ஏன் அங்கே? இதுவரை நான் சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்து அந்த மண்ணில் வைத்துப் பாருங்கள். தெற்கே வங்காள விரிகுடா. சித்திரையில் அங்கிருந்து ஈரமான சூட்டுக்காற்று கீழே தரையை ஒட்டி உள்ளே வருகிறது. மேற்கே சோட்டா நாக்பூர் பீடபூமி, ஜார்க்கண்ட் பக்கம். அந்த மேட்டு நிலம் ஏப்ரல் வெயிலில் காய்ந்து கிடக்கும். அதன்மேல் காய்ந்த வறண்ட காற்று கிழக்கே நகர்ந்து வந்து, சமவெளியில் இருக்கிற ஈரக்காற்றின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதுதான் மூடி. அதுவும் சாதாரண மூடி இல்லை, குக்கர் மூடி. கீழே ஈரமும் சூடும் நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே இருக்கும், சின்னச் சின்ன மேகமாகக் கிளம்பிச் செலவாகிவிடாது. இதற்கெல்லாம் மேலே, பத்து கிலோமீட்டர் உயரத்துக்கு அப்பால், ஜெட் காற்று என்று மேற்கிலிருந்து ஓடுகிற ஒரு வேகக் காற்று. பங்குனி, சித்திரையில் அது இமயமலைக்குத் தெற்கே, வடஇந்தியா மேல் ஓடிக்கொண்டிருக்கும். ஆக அடியில் தெற்குக் காற்று, உச்சியில் மேற்குக் காற்று. திரி திரிக்க இரண்டு கையும் தயார். சாயங்காலம் எங்கேயாவது மூடி உடைந்தால், நாள் முழுக்கச் சேர்த்து வைத்தது மொத்தமாக ஒரே இடத்தில் கிளம்பும்.

வங்காளிகள் இந்தச் சாயங்காலப் புயல்மழைக்குக் கால்பைசாகி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைசாக மாதத்துக் கேடு என்று அர்த்தம். அதில் பெரும்பாலானவை பலத்த காற்று, ஆலங்கட்டி, இடியோடு போய்விடும். ஒன்றிரண்டுதான் சுழற்காற்று இறக்கும். ஆனி வந்து பருவமழை பிடித்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும். ஜெட் காற்று இமயமலைக்கு வடக்கே போய்விடுகிறது, மேற்கிலிருந்து வந்த வறண்ட மூடியும் போய்விடுகிறது. ஈரம் என்னவோ சித்திரையைவிட அதிகமாகத்தான் இருக்கும், மழையும் கொட்டும். சுழற்காற்று மட்டும் வராது. ஈரம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அமெரிக்காவில் நடுச் சமவெளியும் இதே அடுக்குதான். தெற்கே மெக்சிகோ வளைகுடாவின் ஈரம், மேற்கே மேட்டு நிலத்தின் வறண்ட மூடி, உச்சியில் ஜெட் காற்று. 2013 மே 20ஆம் தேதி ஒக்லஹோமா மாநிலத்தில் மூர் என்ற ஊரில் மிகப் பலமான ஒரு சுழற்காற்று புகுந்தது. அகலம் சாட்டுரியாவில் வந்ததற்கு ஏறக்குறைய அதே அகலம். காற்று 320 கிலோமீட்டருக்கு மேல். பள்ளிக்கூடங்கள் உட்பட ஊரின் ஒரு பகுதியே தரைமட்டமானது. இறந்தவர்கள் 24 பேர். அது தரையைத் தொடுவதற்குச் சுமார் கால்மணி நேரம் முன்பே ராடாரைப் பார்த்து எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள், ஜனங்கள் நிலவறைக்கும் உள்ளறைக்கும் போய்விட்டார்கள். சாட்டுரியாவில் தகரக் கூரை, மூங்கில் தட்டி வீடு, நெருக்கமான ஜனம், சொல்ல ஆளில்லை. பிய்த்துக்கொண்டு பறக்கிற தகரம் வெட்டுவதே பாதிச் சாவுக்குக் காரணமாகிவிடும். 24க்கும் 1300க்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தைக் காற்றின் கணக்கில் போட முடியாது.

நமக்கு வருகிறேன். நம் தமிழ்நாட்டில் ஈரம் இருக்கிறது, சூடு இருக்கிறது, மூடியும் சில நாள் இருக்கிறது. இல்லாதது மேலே அந்த வேகக் காற்று. ஜெட் காற்று நமக்கு வெகு வடக்கே ஓடுகிறது. சித்திரை, வைகாசியில் நம் தலைக்கு மேலே ஐந்தாறு கிலோமீட்டரில் காற்று பெரும்பாலும் மந்தமாகவே இருக்கும். நான் விட்ட பலூன்கள் பல நாள் அந்த உயரம் வரைக்கும் ஆய்வகத்துக்கு மேலேயே நின்று ஆடிக்கொண்டிருக்கும். அதனால் நம் இடிமேகம் நேராக ஏறும், தன் மழையிலேயே தான் அணைந்துபோகும். எப்போதாவது கடல்மேல் நீர்த்தூண் எழும்பும், எப்போதாவது சின்னதாக ஒன்று வயலில் இறங்கும். வீட்டைப் பெயர்த்து எடுக்கிற ரகம் நமக்கு மிக மிக அபூர்வம். தங்கச்சி நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால் நம் ஒரு மணி நேர மேகத்தை லேசாக நினைக்காதீங்க. இந்தியாவில் வருஷத்துக்கு 2000 பேருக்கு மேல் மின்னலால் சாகிறார்கள். பெரும்பாலும் வயலில் நிற்கிறவர்கள், ஆடு மாடு மேய்க்கிறவர்கள். நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரைக்குப் போகிறீங்க, அங்கே ஒதுங்க ஒரு கட்டடம் கிடையாது, புளியமரம்தான் இருக்கும். மரத்தடிதான் ரொம்ப ஆபத்தான இடம். மரத்தில் இறங்குகிற மின்சாரம் பக்கத்தில் நிற்கிற ஆள்மேல் தாவும், வேர் வழியாகத் தரையிலும் பரவும். வங்கதேசத்தில் மின்னல் சாவு அதிகமாகி, 2016இல் அதையும் இயற்கைப் பேரிடர் என்று அறிவித்து, மின்னலை வாங்கிக்கொள்ளட்டும் என்று லட்சக்கணக்கில் பனை வைத்தார்கள். நல்ல யோசனை மாதிரிதான் தோன்றும். ஆனால் பனை உயர்ந்து வளரப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகுமே. வளர்ந்தபிறகும் அதன் அடியில் போய் நின்றால் கதை அதேதான்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு சொல்கிறேன். வெளிச்சம் உடனே கண்ணுக்கு வந்துவிடும், சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூன்று நொடி ஆகும். மின்னலைப் பார்த்ததும் ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணுங்கள். இடி கேட்டதும் நிறுத்தி மூன்றால் வகுத்தால் மேகம் எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். முப்பது எண்ணுவதற்குள் கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்த மின்னல் உங்கள் இடத்தில் விழ அந்தத் தூரம் போதும். மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கான்கிரீட் கட்டடத்துக்கோ கதவு மூடிய வண்டிக்கோ போய்விடுங்கள். மழை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், மின்னல் பெரும்பாலும் மழைக்கு முன்னாலேயே வந்துவிடும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வரணும். போன் வைத்திருக்கிறவர்கள் புனே வானிலை நிறுவனம் செய்த தாமினி என்கிற செயலியைப் போட்டுக்கொண்டால் பக்கத்தில் எங்கே மின்னல் விழுகிறது என்று காட்டும். ஏரிக்கரையில் சிக்னல் கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது ஒன்று, இரண்டு, மூன்று.

நேரமாகிறது என்று செயலாளர் அக்கா கை காட்டுறாங்க. போன முறை ஒருவர் தனியாக வந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்காருகிறேன். மின்னல் தாக்கினவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்குமா என்று கேட்டாங்க. அடிக்காது. கரண்டு கம்பியில் மாட்டியவர் மாதிரி இல்லை இது, மின்னல் வந்த வேகத்திலேயே தரைக்குப் போய்விட்டது, உடம்பில் ஒன்றும் மிச்சம் இருக்காது. பல பேருக்கு இதயமும் மூச்சும் நின்றுபோயிருக்கும். யாரும் தொடாமல் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கிற அந்த ஐந்து நிமிஷத்தில்தான் உயிர் போகிறது. மேகம் இன்னும் தலைக்கு மேல் இருந்தால் ஆளைத் தூக்கிக் கட்டடத்துக்குள் கொண்டுபோங்கள், ஒருத்தர் 108க்குப் போன் போடட்டும், இன்னொருத்தர் மார்பு நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருங்கள். எப்படி அழுத்துவது என்று செவிலியர் அக்கா சாப்பாட்டுக்கு அப்புறம் பக்கத்து அறையில் செய்து காட்டுகிறார்கள். குழுவுக்கு இரண்டு பேராவது போங்கள்.